பத்துச் சிவப்பு

துணை முதல்வர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், ஆசிரியர் அறையில் அதை இரண்டு பேர் சேர்ந்துதான் படிப்பார்கள். ஒருவருக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் மற்றவர் வாங்கிக்கொள்வார். பக்கத்தின் தலையில் புறப்படும் ஆங்கில வாக்கியம் அவருடைய கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலேதான் முற்றுப்புள்ளியைப் பார்க்கும். சில நாள் அதையும் பார்க்காமல் நேரே கையெழுத்தில் போய் இடித்துக்கொண்டு நிற்கும்.

திங்கட்கிழமை வந்தது அந்த மாதிரி ஒன்று.

"நடுவுல ஒரு டீ பிரேக் விட்டிருக்கலாம் மனுஷன்," என்று கணக்கு சார் பாதியில் தாளைக் கீழே வைத்தார். "டீச்சர், இது உங்க டிபார்ட்மென்ட். என்னதான் சொல்ல வர்றார்?"

இங்கிலீஷ் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால், பொதுத்தேர்வு எழுதப்போகும் கடைசி வகுப்பின் நாற்பத்திரண்டு கட்டுரை நோட்டுகள். இருபத்திரண்டு வருஷமாக அதே உயரத்தில் அந்த அடுக்கு நிற்கிறது. பிள்ளைகள்தான் மாறுகிறார்கள், தப்புகள் மாறுவதில்லை. தாளை வாங்கி, நெல்லில் கல் பொறுக்குகிறவள் மாதிரி விரலை ஓட்டினாள்.

"மாதிரித் தேர்வுல இங்கிலீஷ் ஃபெயில் ஆனவங்களைப் பள்ளிக்கூடத்துப் பேர்ல பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டாங்களாம். வேணும்னா வெளியில பணம் கட்டித் தனித்தேர்வரா எழுதிக்கலாமாம். ஒரே ஒரு வழி இருக்கு. மூணு கட்டுரை எழுதி, மூணும் திருத்தி, மூணாவதுல இருபதுக்குப் பத்து எடுத்திருக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஃபைல் அவர் மேஜைக்குப் போகணும்."

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு பக்கம்?"

"நூறு சதவீதம்னு வாசல்ல போர்டு வைக்கணுமில்ல சார். ஃபெயில் ஆகறவங்களை முன்னாடியே கழிச்சுட்டா மிச்சம் நூறுதானே."

"அது கணக்கு. அது என் டிபார்ட்மென்ட்," என்றார் கணக்கு சார், வருத்தமாக.

துணை முதல்வருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மாட்சிமை'. அவர் வராந்தாவில் நடந்தால் ஒரு ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பது போலிருக்கும்; திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆசிரியர்கள் சிவப்பு மையில் திருத்த வேண்டும், பச்சை மை அவருக்கு மட்டுமே உரியது. மாதம் ஒருமுறை நோட்டுகளை வரவழைத்துப் பார்வையிடுவார். பார்வையிடுவது என்றால் படிப்பது அல்ல. பக்கத்தைப் புரட்டி, சிவப்பு எத்தனை என்று எண்ணுவது. பக்கத்துக்குப் பத்துச் சிவப்பு இருந்தால் டீச்சர் வேலை செய்திருக்கிறாள். குறைந்தால் வேலை செய்யவில்லை. போன வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்த பையனின் நோட்டுக்கு, 'திருத்தப்படாமல் விடப்பட்டுள்ளது' என்று அவளுக்கு மெமோ வந்தது. அன்றிலிருந்து நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் நோட்டில் அங்கங்கே ஒரு அடிக்கோடு போட்டு வைப்பாள். எதற்கு என்று கேட்டால், 'அழகாயிருக்கு' என்பாள்.

கடைசி வகுப்பில் அந்த ஃபைல் தேவைப்பட்டது ஒரே ஒருத்திக்கு. பெயர் பதிவேட்டில் இருந்தது; எல்லார் வாயிலும் இருந்தது 'ரயில்' மட்டும். அவள் எழுதும் வாக்கியம் புறப்பட்டால் நிற்காது. மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவள், இங்கிலீஷில் மட்டும் கவிழ்ந்திருந்தாள். அம்மா ஒரு சின்னத் தையல் கடை வைத்திருந்தாள். தனித்தேர்வர் என்றால் என்ன, கூடப் பணம் எவ்வளவு என்று அன்று மத்தியானமே பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள் அந்த அம்மா. போகும்போது, "அவ நல்லாத்தான் பேசுவா டீச்சர். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா," என்றாள். டீச்சருக்கு, நோய் எதுவென்று தாயே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

முதல் கட்டுரை செவ்வாய்க்கிழமை வந்தது. தலைப்பு, மறக்க முடியாத ஒரு நாள். கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்த கதை. It was raining என்று தொடங்கி, தண்ணீர் வந்து, தையல் மெஷினைத் தூக்கி, மாமா வருகிறேன் என்று சொல்லி, அவர் பைக் கிளம்பாமல், அம்மா தரையைத் துடைத்து, கடைசியில் சிரித்தது வரைக்கும் நடுவில் காற்புள்ளிகளும் and-களும்தான். எண்ணிப் பார்த்தாள். எழுபத்தெட்டு வார்த்தை. ஒரே ஒரு முற்றுப்புள்ளி, அதுவும் பக்கம் முடிந்துபோனதால் வைத்தது.

டீச்சர் தப்புக்குத் தகுந்த மாதிரி ஓரத்தில் குறி போடுவாள். நிற்காமல் ஓடும் வாக்கியத்துக்கு அலைக்கோடு. முழுமையில்லாமல் தொங்கும் துண்டு வாக்கியத்துக்கு அரைவட்டம். அன்று அந்தப் பக்கத்தின் ஓரம் முழுக்கக் கடல். இருபத்தாறு சிவப்பு, நாலு மார்க். மாட்சிமை பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

பள்ளி விட்டபின் காலி வகுப்பறையில் அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"வாக்கியம் நீளமா இருக்கறது தப்பில்லம்மா. ரெண்டு முழு வாக்கியத்தை வெறும் காற்புள்ளியில ஒட்டறதுதான் தப்பு. குண்டூசியால துணி தைப்பாங்களா உங்கம்மா?"

"மாட்டாங்க மிஸ். குத்தி வெச்சுட்டு அப்புறமாத் தைப்பாங்க."

"ஆங். நீ குத்தி வெச்சதோட விட்டுடற. ஒண்ணு, முற்றுப்புள்ளி வெச்சு வெட்டு. இல்ல, because, but, so மாதிரி ஒண்ணைப் போட்டு ஒழுங்காத் தை. அதுக்காக ஒரே வாக்கியத்துல பத்து and போட்டுத் தெருக்கோடி வரைக்கும் இழுக்கக் கூடாது."

"காலம் எல்லாம் தப்பா இருக்கா மிஸ்? will, would எல்லாம்?"

"இருக்கு. அது இந்த வாரம் வேண்டாம். ஒரு காய்ச்சல் இறங்கட்டும், அப்புறம் இருமலைப் பாக்கலாம்."

இரண்டாவது கட்டுரை புதன்கிழமை வந்தது. ரயில் சொன்ன சொல் தட்டாதவள். வெட்டு என்றதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தரியோடு இறங்கியிருந்தாள்.

The water came inside. Because the drain was blocked. We lifted the machine. Which was very heavy. My uncle did not come. Although he promised.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். இதுவும் பழைய கதைதான். ஓடுகிறதை நிறுத்தச் சொன்னால் காலை வெட்டிவிடுகிறார்கள். காலை ஒட்டச் சொன்னால் மறுபடி ஓடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் போய்வந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் அரைவட்டங்கள் போட்டாள், பதினான்கு. மார்க் எட்டு.

"மிஸ், நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?" ரயில் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னேன். இங்க வா. இதைக் கடைசியில இருந்து படி."

"தலைகீழாவா?"

"வார்த்தையை இல்ல. கடைசி வாக்கியத்தை முதல்ல படி. அப்புறம் அதுக்கு முந்தினது. முதல்ல இருந்து படிச்சா கதை உன்னை இழுத்துட்டுப் போயிடும், ஓட்டை தெரியாது. பின்னாடி இருந்து வந்தா ஒவ்வொண்ணும் தனியா நிக்கும். நிக்குதா, விழுதான்னு பாரு."

ரயில் படித்தாள். "Although he promised." நிறுத்தினாள். யோசித்தாள். "அவர் சொன்னார். ஆனாலும்... ஆனாலும் என்னன்னு யாராவது கேப்பாங்க மிஸ்."

"கேக்கணும். அப்பன்னா?"

"இது தனியா நிக்காது. முன்னாடி இருக்கறதுல சாஞ்சுக்கணும்." அடுத்ததைப் பார்த்தாள். "My uncle did not come. இது நிக்குது. Which was very heavy. ஐயோ, எது கனம்னே இல்ல." ஒவ்வொன்றாக மேலே ஏறினாள். Because-க்கு வந்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டாள். "மிஸ், இது பாதிப் பேச்சுல போனை வெச்ச மாதிரி இருக்கு!"

டீச்சருக்கு அந்த வாரத்தில் முதல்முறையாகக் கால்வலி மறந்தது. ஒரு நிமிஷம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றாவது கட்டுரை. டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். The water came inside because the drain was blocked. We lifted the machine, which was very heavy. My uncle had promised to come, but he never did. My mother did not shout. She wiped the floor, and then she laughed.

பக்கம் முடிந்தது. பேனா முனை காய்ந்துகொண்டிருந்தது. மறுபடி கடைசியிலிருந்து முதல் வரைக்கும் படித்தாள். எல்லாம் தன் காலில் நின்றன. இருமல்கூடத் தானாகவே பாதி சரியாகியிருந்தது.

எதிரே நின்ற ரயில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்துச் சிவப்பு வேண்டும். வழக்கம் போல ஒரு அடிக்கோடு போட்டுவிடலாம். பேனாவை laughed என்ற வார்த்தைக்குக் கீழே கொண்டுபோனாள். முதல் பையனுக்கு அடிக்கோடு போட்டால் அவன் கவலைப்பட மாட்டான், தன் எழுத்து சரியென்று அவனுக்குத் தெரியும். இவள் போய் அந்த வார்த்தையைத் திருத்துவாள். சரியானதை எடுத்துவிட்டுத் தப்பைத் தேடிப்போவாள், அதுவும் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. டீச்சர் பேனாவை மூடினாள். பக்கத்தின் கீழே பதினான்கு என்று மட்டும் எழுதினாள்.

"வேற ஒண்ணும் இல்லையா மிஸ்?"

"ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போ."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபைலோடு மாட்சிமையின் அறைக்குப் போனாள். வெளியே பெஞ்சில் ரயில், பக்கத்தில் யாரோ மறந்துபோன குடை. அறைக்குள் கண்ணாடி போட்ட மேஜை. கண்ணாடிக்கு அடியில் அவருடைய பழைய சுற்றறிக்கைகள், வரிசையாக, படம் பதித்த மாதிரி.

அவர் முதல் கட்டுரையைப் புரட்டினார். உதடு அசைந்தது. "இருபத்தாறு. நல்லது." இரண்டாவது. "பதினாலு. ம்ம்." மூன்றாவதில் நின்றார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிவப்பு உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்பது போல.

"டீச்சர், இது திருத்தலையே."

"திருத்திட்டேன் சார். தப்பு இல்ல."

"தப்பு இல்லாமல் ஒரு கட்டுரையா? மாணவர் என்பவர் தப்பு செய்யக் கடமைப்பட்டவர். திருத்துதல் என்பது நம்முடைய கடமை. இதில் மாணவியும் கடமையைச் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை."

"மார்க் போட்டிருக்கேன் சார். பதினாலு."

"மார்க் இருக்கிறது, அதற்கான உழைப்பு இல்லை. நாலு, எட்டு, பதினாலு. மூன்றே நாளில்! ஒன்று பார்த்து எழுதியிருக்கிறாள், அல்லது நீங்கள் படிக்காமல் போட்டிருக்கிறீர்கள்." ஃபைலை மூடினார். "தவிரவும், இதென்ன எழுத்து? சின்னச் சின்ன வாக்கியம். My mother did not shout. இது குழந்தைகள் எழுதுகிற இங்கிலீஷ் டீச்சர். ஒரு கம்பீரம் வேண்டாமா? ஒரு நீளம்?"

டீச்சர் கண்ணாடிக்கு அடியில் இருந்த கம்பீரங்களைப் பார்த்தாள். சண்டை போட இரண்டு நிமிஷம் போதும். போட்டுவிட்டு வந்த பிறகு அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அலுப்பாக இருந்தது, கோபம் வருவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

"அப்ப உங்க முன்னாடியே எழுதட்டும் சார். தலைப்பை நீங்களே கொடுங்க. நீங்களே திருத்துங்க."

மாட்சிமைக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. தன்னிடம் ஒருவர் எழுதுகிறார் என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு ருசி. மணியை அடித்தார். கதவு முழுக்கத் திறப்பதற்குள் ரயில் உள்ளே நின்றாள். கதவோரமாகவே நின்றிருக்க வேண்டும்.

"ஒழுக்கம்," என்று அறிவித்தார் அவர். "முழு மனித உருவாக்கத்தில் ஒழுக்கத்தின் பங்கும் பயனும் பற்றி, அதன் அவசியத்தையும் மறவாமல், ஒரு பக்கத்துக்குக் குறையாமல்."

ரயில் தலையாட்டினாள். அரை மணி நேரம் எழுதினாள். டீச்சர் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை அந்தப் பேனா நின்றது. ரயில் கூரையைப் பார்த்தாள், பிறகு மாட்சிமையைப் பார்த்தாள், பிறகு குனிந்து வேகமாக ஏதோ எழுதினாள். பயத்தில் பழைய ஓட்டம் பிடித்துவிட்டாளோ? எழுதி முடித்துவிட்டுக் கடைசியிலிருந்து மேலே விரலை வைத்துப் படித்தாள். அதைப் பார்த்துத்தான் டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மாட்சிமை பச்சைப் பேனாவை எடுத்தார். சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றினார். அறுவை சிகிச்சைக்கு இறங்குகிறவர் போலத் தாளின் மேல் குனிந்தார். பேனா கீச்சிட்டது. ஒன்று, இரண்டு, நாலு, ஏழு. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பதின்மூன்றாவது பச்சையில் நிமிர்ந்தார்.

"பார்த்தீர்களா டீச்சர்? படிக்கிறவருக்குத் தப்பு கிடைக்கும்." தாளின் தலையில் பதினைந்து என்று போட்டு வட்டமிட்டார். "ஆனாலும் பெண்ணிடம் சரக்கு இருக்கிறது. தொடக்கமே பிரமாதம். தேர்ச்சி."

பட்டியலை இழுத்து ரயிலின் பெயரைத் தன் கையாலேயே சேர்த்தார். மணி மூன்று ஐம்பது.

இருவரும் வராந்தாவின் திருப்பத்தைத் தாண்டி வந்தார்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் டீச்சர் நின்று தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் வரி: Because discipline is life. அதற்குப் பக்கத்தில் பச்சையில், Good.

"ரயிலு," என்றாள் டீச்சர். "இது என்னம்மா? இது நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மிஸ். அதான் வெச்சேன்."

"என்ன?"

"வெளிய எல்லாம் கேட்டுச்சு மிஸ். தப்பு இல்லன்னா விட மாட்டாருன்னு. அதான் அவருக்குன்னு மூணு துண்டு போட்டு வெச்சேன். முதல் வரி ஒண்ணு. நடுவுல Which is the duty of every student. கடைசியில Although many forget. கண்ணுல படற மாதிரித்தான் வெச்சேன். ஒண்ணைக்கூடப் பாக்கலை மிஸ்!" அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. விருந்தாளி இலையில் வைத்ததைத் தொடாமல் எழுந்தால் வருகிற வருத்தம்.

டீச்சர் மற்ற பச்சைகளைப் பார்த்தாள். The bell rings. We stand in a line. நன்றாகத் தனித்தனியே நின்ற இரண்டையும் முற்றுப்புள்ளியை அழித்துக் காற்புள்ளியால் குத்தி வைத்திருந்தார். அடுத்ததையும் இழுத்து, அதற்கடுத்ததையும் இழுத்து, பக்கத்தின் நடுவில் ஆறு வரிக்கு ஒரு ரயிலை ஓட்டியிருந்தார். மூன்று துண்டுகளையும் தொடவே இல்லை. கடைசித் துண்டுக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு வேறு, பாராட்டாக.

குழாயின் சுவரில் சாய்ந்துகொண்டு டீச்சர் சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வேண்டுமென்றே தப்பு வைக்கத் தெரிந்தவளுக்கு இனித் தெரியாமல் தப்பு வராது. டீச்சருக்கு அது போதும்.

"மிஸ், பரீட்சையில எதை எழுதணும்? உங்க மாதிரியா, அவர் மாதிரியா?"

"உன் மாதிரி. மூணாவது கட்டுரை மாதிரி. பேப்பர் திருத்தப் போறது அவர் இல்ல, யாரோ. அந்த யாரோவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேப்பரோ, பாவம். நிக்கற வாக்கியமா எழுது, அவங்களும் கொஞ்சம் உக்காரட்டும்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இதை யார்கிட்டயும் காட்டாத."

அந்தக் கடைசி வார்த்தைக்கு ஆயுசு அரை மணி நேரம். மணி அடிப்பதற்குள் மாட்சிமை தாளைத் திரும்ப வரவழைத்து, நகல் எடுத்து, பச்சைத் திருத்தங்களோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். மேலே ஒரு சுற்றறிக்கை. கணக்கு சாரும் கெமிஸ்ட்ரி மேடமும் மூச்சு மாற்றி மாற்றிப் படித்ததில் கிடைத்த சாரம்: இது மாதிரிக் கட்டுரை, கடைசி வகுப்பு முழுவதும் இதைப் பார்த்து எழுதிப் பழக வேண்டும்.

ரயில் அதைப் பார்க்கவில்லை. மணி அடித்ததுமே அவள் அம்மாவிடம் சொல்ல ஓடிப்போயிருந்தாள். டீச்சர் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் அடுக்கு அதே உயரத்தில் நின்றது. செருப்பைக் கழற்றினாள். முதல் நோட்டைத் திறந்தாள். Because discipline is life. இரண்டாவது நோட்டு. Because discipline is life. மூன்றாவதில் ஒருவன் அழகான எழுத்தில், கட்டம் கட்டி, Because discipline is life. இருபதாவது வரைக்கும் புரட்டிவிட்டு மேலே போகவில்லை.

"என்ன டீச்சர், எல்லாரும் ஒரே விடையா?" என்றார் கணக்கு சார். "எங்க பாடத்துல அது நல்ல செய்தி."

"எங்க பாடத்துல பத்துச் சிவப்புக்கு இனிப் பஞ்சமே இல்ல சார்."

அடுக்கின் அடியில் இருந்த ரயிலின் நோட்டை மட்டும் உருவித் திறந்தாள். அதில் வேறு மாதிரி. Discipline begins when the bell rings. நின்றது. டீச்சர் அதை எடுத்துத் தனியாக ஓரத்தில் வைத்தாள், கடைசியில் படிப்பதற்கு. பிறகு பேனாவைத் திறந்து, முதல் நோட்டின் முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு அரைவட்டம் போட்டாள்.